தலைவலிக்கு அக்குபங்சர்: நிஜ ஊசி, போலி ஊசி, விரல் தொடல்

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு மறுநாள் தலைவலி வருவது புது விஷயம் இல்லை. பகல் முழுக்க விரதம், ராத்திரி தூக்கம் இல்லை, 14 கிலோமீட்டர் நடை, நடுவில் தண்ணீரும் சரியாகக் குடித்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு இவை ஒவ்வொன்றுமே தூண்டுகோல்தான். நாலும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால் மறுநாள் காலையில் தலை வெடிக்கும்.

ஊரில் சிகிச்சைப் பலகைகளுக்கும் பஞ்சம் கிடையாது. யோகா, ரெய்கி, வர்மம், இயற்கை மருத்துவம் என்று பலதும் இருக்கும். அக்குபங்சரும் அக்குபிரஷரும் அதில் உண்டு. "போய்ட்டு வந்தேன், சாயங்காலமே விட்டுடுச்சு" என்று சொல்பவர்கள் நமக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சிகிச்சை எதுவும் இல்லாமலேயே மைக்ரேன் வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டாவது நாள் யாரிடம் போனாலும் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். அதனால் ஒரு நாள் அனுபவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சோதனைகளைத்தான் பார்க்க வேண்டும். அவற்றை உட்கார்ந்து படித்தபோது, வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததோடு, யாரிடம் போகலாம் என்ற கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே பெயர், இரண்டு சிகிச்சை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உலகம் முழுக்க அக்குபங்சர் என்றால் மெல்லிய எஃகு ஊசிகளைத் தோலுக்குள் செலுத்துவது. கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். தலைவலிக்கு ஒரு சிட்டிங்கில் பல இடங்களில் ஊசி வைத்து, 20 முதல் 30 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு எடுப்பார்கள்.

தமிழ்நாட்டில் அதே பெயரில் இன்னொன்றும் நடக்கிறது. மணிக்கட்டில் நாடி பார்ப்பார்கள். ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதை விரலால் சில விநாடி தொடுவார்கள். சிலர் ஒரே ஒரு ஊசி வைப்பார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. "தொடு சிகிச்சை" என்று சொல்வதும் உண்டு, "அக்குபங்சர்" என்றே சொல்வதும் உண்டு. செய்பவரை "ஹீலர்" என்பார்கள்.

இனி நான் சொல்லப்போகும் பெரிய சோதனைகள் எல்லாமே ஊசிச் சிகிச்சையைப் பற்றியவை. அந்த முடிவுகளைக் காட்டி ஒற்றை விரல் தொடலுக்கு ஆதாரம் இருப்பதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். பெயர் ஒன்று என்பதால் சிகிச்சையும் ஒன்றாகிவிடாது.

போலி ஊசி என்றால் என்ன?

மாத்திரையைச் சோதிப்பது சுலபம். ஒரு குழுவுக்கு நிஜ மாத்திரை, இன்னொரு குழுவுக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. ஊசிக்கு என்ன செய்வது? குத்தினால் தெரிந்துவிடுமே!

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடங்களில், தோலின் மேற்பரப்பில் மட்டும் லேசாக ஊசி வைப்பது. இன்னொன்று, நாடகத்தில் குத்தும் கத்திபோல முனை உள்ளே மடங்கிப் போகும் ஊசி. தொட்டால் குத்தியதுபோல இருக்கும், ஆனால் தோலுக்குள் போகாது. தனக்கு வைத்தது நிஜமா போலியா என்பது நோயாளிக்குத் தெரியாது. கூடவே மூன்றாவதாக ஒரு குழு இருக்கும். அவர்களுக்கு ஊசியே இல்லை, வழக்கமான வலி மாத்திரையோடு காத்திருப்பார்கள்.

இந்த மூன்று குழுவும் இருக்கும் சோதனைதான் நமக்கு உண்மையைச் சொல்லும். காத்திருப்போரோடு மட்டும் ஒப்பிட்டால், குறைந்தது ஊசியாலா, கவனிப்பாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஜெர்மனியில் என்ன நடந்தது?

2005ல் ஜாமா இதழில் வந்த ஜெர்மானியச் சோதனை இதற்கு நல்ல உதாரணம். மைக்ரேன் உள்ள 302 பேர். பயிற்சி பெற்ற மருத்துவர்கள் 8 வாரத்தில் 12 சிட்டிங் கொடுத்தார்கள். எல்லோரும் தலைவலி டைரி எழுதினார்கள். மிதமான அல்லது கடுமையான தலைவலி நாட்கள் பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், நிஜ ஊசிக் குழுவில் 51 சதவீதம். ஊசி இல்லாமல் காத்திருந்த குழுவில் 15 சதவீதம்.

பிரமாதம் என்று தோன்றும். இப்போது போலி ஊசிக் குழுவைப் பாருங்கள்: 53 சதவீதம்.

ஊசி வைத்துக்கொண்டவர்களுக்கு நிஜமாகவே பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் "சரியான" புள்ளியில் வைத்தார்களா, வேறு எங்கோ மேலோட்டமாக வைத்தார்களா என்பதில் வித்தியாசமே இல்லை.

ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவுக்கு வர வேண்டாம். 2016ல் காக்ரேன் அமைப்பு மைக்ரேன் தடுப்புக்கான 22 சோதனைகளை, கிட்டத்தட்ட 5,000 பேரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. அதில் தலைவலி பாதியாகக் குறைந்தவர்கள் நிஜ ஊசியில் நூற்றுக்கு 50, போலி ஊசியில் 41. நிஜ ஊசி கொஞ்சம் முன்னால் நிற்கிறது, ஆனால் இடைவெளி சின்னது. டென்ஷன் தலைவலிக்கான காக்ரேன் ஆய்விலும் இதே கதைதான்: 52, 43.

நிஜ ஊசிக்குச் சாதகமான சோதனையும் உண்டு. 2020ல் பிஎம்ஜே இதழில் வந்த சீனச் சோதனையில் அதுவரை அக்குபங்சர் செய்துகொள்ளாத 150 பேர் இருந்தார்கள். 8 வாரத்தில் 20 சிட்டிங். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து, 17 முதல் 20 வரையான வாரங்களில், மைக்ரேன் நாட்கள் நிஜ ஊசியில் 3.9 நாளும் தோலுக்குள் போகாத போலி ஊசியில் 2.2 நாளும் குறைந்திருந்தன. இங்கே இடைவெளி கவனிக்கத்தக்கது.

இதையெல்லாம் பார்த்த நாடுகளே ஒரு முடிவுக்கு வரவில்லை. ஜெர்மனியில் 2006ல் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அக்குபங்சரைப் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தார்கள், தலைவலிக்குச் சேர்க்கவில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2012ல் வேறு மாதிரி சொன்னது. நாள்பட்ட டென்ஷன் தலைவலிக்கும், தடுப்பு மாத்திரைகள் ஒத்துவராத மைக்ரேனுக்கும், 5 முதல் 8 வாரத்துக்குள் அதிகபட்சம் 10 சிட்டிங் பரிசீலிக்கலாம் என்றது. ஒருவர் போலி ஊசியோடு உள்ள இடைவெளியைப் பார்த்தார், இன்னொருவர் நோயாளிக்குக் கிடைத்த மொத்தப் பலனைப் பார்த்தார். இரண்டுமே நியாயமான பார்வைதான்.

ஒரு ஆளுக்கு இது என்ன கணக்கு?

சதவீதம் போதும், ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். கமலா என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 வயது, மாட வீதியில் பூக்கடை. மாதம் 6 நாள் மைக்ரேன். அந்த நாட்களில் கடை திறக்க முடியாது.

காக்ரேன் ஆய்வு இதே 6 நாள் கணக்கைத்தான் எடுத்து விளக்குகிறது. வழக்கமான கவனிப்பு மட்டும் என்றால் 6 நாள் 5 ஆகும். போலி ஊசி என்றாலும், தடுப்பு மாத்திரை என்றாலும், 4 ஆகும். நிஜ ஊசி என்றால் மூன்றரை.

ஆறிலிருந்து ஐந்துக்குக் குறைவது யாரும் ஒன்றும் செய்யாமலேயே நடப்பது. மிக மோசமான மாதத்தில்தான் நாம் சிகிச்சை தேடிப் போவோம். அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் மேல்தான். ஐந்திலிருந்து நாலு வரை ஊசியோடு சேர்ந்து வரும் எல்லாவற்றாலும் ஆனது: அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது, ஒருவர் உட்கார்ந்து கேட்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, ஊசி தோலில் ஏற்படுத்தும் உணர்ச்சி. நாலிலிருந்து மூன்றரை மட்டும்தான் புள்ளி, ஆழம், கைவித்தை ஆகியவற்றின் பங்கு.

கமலாவைப் பொறுத்தவரை மாதம் இரண்டரை நாள் கூடுதலாகக் கடை திறக்கலாம். சின்ன விஷயம் இல்லை. ஒரு சிட்டிங் 400 ரூபாய் என்று வைத்தால் 10 சிட்டிங்குக்கு 4,000 ரூபாய். தடுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு இது முயன்று பார்க்க வேண்டிய வழிதான். ஆனால் "வேரோடு குணமாக்கிவிடுவேன்" என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையிலும் அப்படி நடக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்குபிரஷர்

ஊசி இல்லாமல் அழுத்துவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதைமேடு, பின்மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் இருபுறமும் உள்ள பள்ளங்கள், நெற்றிப்பொட்டு ஆகியவைதான் தலைவலிக்கு வழக்கமான இடங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் தைலம் தேய்க்கும் இடங்களும் கிட்டத்தட்ட இவையே.

இதற்கும் சோதனைகள் உண்டு, ஆனால் சிறியவை. சில பத்துப் பேரை வைத்து, குறுகிய காலம் பார்த்தவை. எங்கே அழுத்துகிறார்கள் என்பது நோயாளிக்குத் தெரியும் என்பதால் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவதும் கஷ்டம். எனவே நன்றாகக் குணமாக்கும் என்றும் சொல்ல முடியாது, பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டிலேயே ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பார்க்கலாம், செலவு இல்லை. கர்ப்பிணிகள் கைச் சதைமேட்டுப் புள்ளியை அழுத்தக் கூடாது என்பது அந்த மரபே சொல்லும் விதி. கழுத்தை யாரும் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்க விடாதீர்கள். அது அக்குபிரஷரும் இல்லை, கழுத்து ரத்தக் குழாய்க்கு ஆபத்தும்கூட.

சரி, யாரிடம் போவது?

மேலே பார்த்த கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். புள்ளியின் துல்லியம் கொடுப்பது அரை நாள். அப்படியானால் "என் குருவிடம் கற்ற ரகசியப் புள்ளி", "நாடியில் விரல் வைத்தாலே நோய் தெரியும்" என்பதெல்லாம் சிகிச்சையாளரை எடைபோட உதவாது. ஊசி வைக்கும் முன்னும் பின்னும் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் அளவுகோல்.

முதல் சந்திப்பில் அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். வலி எப்போது ஆரம்பித்தது, ஒரு பக்கமா இரு பக்கமா, வாந்தி உண்டா, வெளிச்சம் பிடிக்கவில்லையா, பார்வை மங்குகிறதா, கை கால் மரத்ததா, என்ன மாத்திரை, மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி மிக முக்கியம். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளுக்கு மேலோ, கலவை மாத்திரைகளை 10 நாளுக்கு மேலோ மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இதைக் கேட்காதவர் எத்தனை ஊசி வைத்தாலும் மூல காரணம் அப்படியே இருக்கும்.

அடுத்தது ஊசி. உங்கள் கண் முன்னால் சீல் பிரித்த, ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசியாக இருக்க வேண்டும். முடிந்ததும் கெட்டியான டப்பாவில் போட வேண்டும். "உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்து, கொதிக்க வைத்துத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடலாம். ஹெபடைடிஸ் பி பரவுவதற்கு அது போதும். உட்கார வைத்துக் குத்துவதைவிடப் படுக்க வைத்துக் குத்துவது நல்லது, சிலருக்கு மயக்கம் வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் அவர் கேட்க வேண்டும்.

தலைவலிக்கு வழக்கமாகக் குத்தும் இடங்களில் இரண்டு கவனம் வேண்டுபவை. பின்கழுத்துப் பள்ளத்தில் தவறான கோணத்தில் ஆழமாகப் போனால் முக்கியமான ரத்தக் குழாயும் மூளைத்தண்டும் இருக்கின்றன. தோள்பட்டையின் மேல்மேட்டில் ஆழமாகப் போனால் நுரையீரலின் நுனி இருக்கிறது. இப்படி நடப்பது அபூர்வம். ஜெர்மனியில் சுமார் 2,29,000 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் நுரையீரல் சுருங்கியது இரண்டு பேருக்குத்தான். ஆனால் அங்கே குத்தியவர்கள் உடற்கூறு படித்த மருத்துவர்கள். தோளில் ஊசி வைத்த பிறகு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

அதனால் படிப்பைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2003ல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது, 2019ல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதற்குத் தனிச் சட்டம் உண்டு, தமிழ்நாட்டில் அப்படி இல்லை. எனவே சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஐந்தரை வருடப் படிப்பாகவும் இருக்கலாம், வார இறுதி வகுப்பாகவும் இருக்கலாம். எம்பிபிஎஸ் படித்துவிட்டு அக்குபங்சர் பயின்றவர், அல்லது யோகா–இயற்கை மருத்துவப் பட்டமான பிஎன்ஒய்எஸ் முடித்தவர் என்றால் பதிவு எண் இருக்கும். பல அரசு மருத்துவமனைகளில் யோகா–இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

கடைசியாக, முடிவுத் தேதி. சோதனைகளில் 10, 12, 20 என்று சிட்டிங் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகியிருந்தது. நல்ல சிகிச்சையாளரும் "பத்து முறை பார்ப்போம், டைரியில் குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம்" என்பார். "உடம்பு சொல்லும்போது நிறுத்தலாம்" என்பவரிடம் கணக்கு கேட்க முடியாது.

இரண்டு வாக்கியங்கள் கேட்டால் கிளம்பிவிடுங்கள்

ஒன்று, "எல்லா மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள்." மைக்ரேன் தடுப்புக்குக் கொடுக்கும் புரோபிரனோலால் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும், இதயக் கோளாறு உள்ளவருக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். வலிப்பு நோயாளி தன் மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வரும். சோதனைகளில் யாரையும் இப்படி நிறுத்தச் சொல்லவில்லை. வலி வந்தால் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டைரியில் எழுதினார்கள்.

இரண்டு, "வலி கூடினால் பயப்படாதீர்கள், கழிவு வெளியேறுகிறது." குறைந்தால் சிகிச்சை பலித்தது, கூடினாலும் பலித்தது என்றால் அந்தச் சிகிச்சை தோற்பதற்கு வழியே இல்லை. தலைவலியில் இந்த வாக்கியம் உயிரை எடுக்கும். பிரசவமாகி இரண்டு வாரமான பெண்ணுக்குத் தலைவலி ஆரம்பித்து, நாளுக்கு நாள் கூடி, வாந்தியும் வருகிறது என்று வையுங்கள். மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். நேரத்தோடு ஸ்கேன் எடுத்து மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்து எழுவார்கள். அதைக் "கழிவு" என்று மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தால் பக்கவாதமும் வலிப்பும் வரலாம்.

இதேபோல, ஊசி பக்கமே போகாமல் நேராக ஆஸ்பத்திரி போக வேண்டிய தலைவலிகள் சில உண்டு. சில விநாடிகளில் உச்சத்துக்குப் போகும், வாழ்க்கையில் வராத கடுமையான வலி. காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி. பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், மயக்கம், வலிப்பு ஆகியவற்றோடு வருவது. தலையில் அடிபட்ட பிறகு வருவது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் புதிதாக வருவது. 50 வயதுக்கு மேல் முதன்முறையாக ஆரம்பிப்பது, அதிலும் நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் பார்வை போகும் அபாயம் உண்டு. திருவண்ணாமலைக்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது, 108க்குப் போன் செய்தாலும் போதும்.

இவை எதுவும் இல்லை, மருத்துவர் மைக்ரேன் அல்லது டென்ஷன் தலைவலி என்று சொல்லிவிட்டார் என்றால், ஒரு காலண்டர் எடுங்கள். முதல் நாலு வாரம் சிகிச்சை எதுவும் புதிதாக ஆரம்பிக்காமல் வலித்த நாளில் ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு போடுங்கள். அதற்குப் பிறகு 10 சிட்டிங். முடிந்ததும் இன்னும் நாலு வாரம் எழுதி, முன்னதையும் பின்னதையும் எண்ணுங்கள். 6 நாள் 3 ஆகியிருந்தால் உங்களுக்கு லாபம்தான், அது புள்ளியால் வந்ததா படுத்திருந்ததால் வந்ததா என்ற விவாதத்தை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடலாம். 5 தான் ஆகியிருந்தால் அது சும்மா இருந்தாலே குறைந்திருக்கும். பதினோராவது சிட்டிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம்.